எஞ்சி நிற்பது எது? – ஒரு குறட்சொல்லின் வழியே

குறள் ஒன்றைச் சொல்லி அதற்குப் பொருள் கேட்டால், நம் மாணவர்கள் தயங்காமல் விடை தருவர். பள்ளி நாள் முதல் மனப்பாடம் செய்த உரை நாவின் நுனியில் நிற்கும். ஆனால் அவ்வுரையில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டி, ‘குறளில் உள்ள எந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள்? அச்சொல் இப்பொருளை எவ்வாறு தந்தது?’ என்று வினவினால் வகுப்பறையில் அமைதி நிலவும். உரையைக் கற்றிருக்கிறோம்; குறளைக் கற்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கும். இரண்டு அடிகளில் ஏழே சீர்களைக் கொண்ட பாட்டில் ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால் பாட்டு முழுவதும் பிறழ்ந்துவிடும். சில வேளைகளில் அப்பிறழ்ச்சி பிறர் உள்ளத்தையும் புண்படுத்திவிடும். அப்படி நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையும், அது நமக்குக் கற்பித்த பாடத்தையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மரத்தடியில் எழுந்த கேள்வி

உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடைபெற்றது. பகலில் ஏரி வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் பணி. மாலையில் மரத்தடியில் குறள் வகுப்பு. ஊர்ப் பிள்ளைகள் முன் வரிசையில் அமர்வர். வேலை முடித்துத் திரும்பும் பெண்களும் முதியவர்களும் பின்னால் நின்று கேட்பர். மூன்றாம் நாள் நம் மாணவர் ஒருவர் நடுவு நிலைமை அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அவ்வதிகாரத்தின் நான்காவது குறளை, அதாவது நூலின் 114ஆம் குறளைச் சொல்லி, ‘ஒருவர் தக்கவரா தகவில்லாதவரா என்பதை அவருக்குப் பிறந்த பிள்ளைகளைக் கொண்டு அறியலாம்’ என்று விளக்கினார். அவர் சொன்னது தவறன்று. பரிமேலழகர் உரையைத் தழுவிய விளக்கமே அது.

பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி கேட்டார்: “ஏன் சார், அப்போ புள்ள இல்லாதவங்க எல்லாம் தகவில்லாதவங்களா?”

மாணவர் திகைத்துப் போனார். கேட்டவர் அவ்வூர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பல்லாண்டுகள் சமைத்து ஓய்வு பெற்றவர் என்பதும், அவருக்கு மக்கட்பேறு இல்லை என்பதும் பின்னரே தெரிந்தன. அவர் குரலில் சினமில்லை. ஒரு நூல் தம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்று அறிய விரும்பிய கேள்வி அது. ‘அப்படியில்லை அம்மா’ என்று ஆறுதல் கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆயின் ஆறுதல் வேறு, விடை வேறு. விடை வேண்டுமென்றால் அக்குறளின் உயிர்ச்சொல்லைப் பார்த்தாக வேண்டும். அச்சொல் ‘எச்சம்’. குறளில் ‘பிள்ளை’ என்ற சொல்லே இல்லை.

சொல்லின் வேர்

மறுநாள் மாலை வகுப்பை அச்சொல்லிலிருந்தே தொடங்கினோம். ‘எச்சம் என்றால் என்ன?’ என்று பிள்ளைகளைக் கேட்டதும் சிரிப்பொலி எழுந்தது. ‘காக்கா போடுவது’ என்றான் ஒரு சிறுவன். பெரும்பாலான ஆசிரியர்கள் இவ்விடத்தில் சிறுவனை அதட்டி உட்கார வைப்பர். நாம் அவ்விடையையே கரும்பலகையில் எழுதச் செய்தோம். ஏனெனில் அது சரியான விடை. உண்டது செரித்து, உடம்புக்கு வேண்டியது போக எஞ்சியது எதுவோ அதுவே பறவையின் எச்சம்.

‘அஞ்சு’ என்னும் வினையிலிருந்து ‘அச்சம்’ பிறக்கிறது. அவ்வாறே ‘எஞ்சு’ என்னும் வினையிலிருந்து ‘எச்சம்’ பிறக்கிறது. எஞ்சுதல் என்பது மீந்து நிற்றல். ‘எச்சில்’ என்பதும் அவ்வினையின் வழி வந்ததே. உண்டவர் உண்டது போக எஞ்சியது அது. விருந்தோம்பல் அதிகாரத்தில் வரும் ‘மிச்சில்’ என்னும் சொல்லும் விருந்தினர் உண்ட பின் மிஞ்சிய உணவையே குறிக்கிறது. விருந்தினருக்கு இட்டபின் மிஞ்சியதை உண்பவனை வள்ளுவர் அங்கே உயர்த்திப் பேசுகிறார். ‘மிச்சம்’ என்று கடைத்தெருவில் நாம் நாள்தோறும் சொல்வதும் இதற்கு நெருங்கிய சொல்லே.

இலக்கண வகுப்பில் மாணவர்கள் அஞ்சுகின்ற ‘பெயரெச்சம்’, ‘வினையெச்சம்’ என்பனவும் இவ்வாறே எளிதாகும். ‘வந்த’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் ‘யார்?’ என்பார். ஒரு பெயர் எஞ்சியிருக்கிறது. ஆகவே அது பெயரெச்சம். ‘வந்து’ என்று நிறுத்தினால் ‘என்ன செய்தார்?’ என்பார். ஒரு வினை எஞ்சியிருக்கிறது. ஆகவே அது வினையெச்சம். காகத்தின் எச்சமும் இலக்கண எச்சமும் ஒரே வேரின் இரு கிளைகள் என்றதும் பிள்ளைகளின் சிரிப்பு வியப்பாக மாறியது.

ஆக, எச்சம் என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் ஒன்றே: எஞ்சி நிற்பது. எதிலிருந்து எஞ்சியது, எதுவாக எஞ்சியது என்பதை இடந்தான் சொல்ல வேண்டும்.

ஒரே சொல், வேறு வேறு இடங்கள்

சொல்லுக்கு வேர் கண்டால் மட்டும் போதாது. வேரை மட்டும் பிடித்துக்கொண்டு தம் விருப்பம்போல் பொருள் சொல்வோரும் உண்டு. ஆகவே இரண்டாவது படியாக, அச்சொல்லை அந்நூலில் வேறு இடங்களில் புலவர் எவ்வாறு ஆண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். திருக்குறளில் எச்சம் என்னும் சொல் வரும் இடங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, வினைசெயல் வகை அதிகாரத்தில் வரும் 674ஆம் குறள். தொடங்கிய வேலையையும் எதிர்த்து நின்ற பகையையும் முற்ற முடிக்காமல் மிச்சம் வைத்தால், அணையாமல் விட்ட நெருப்பின் மிச்சம்போல் அவை வளர்ந்து அழிக்கும் என்பது அதன் கருத்து. இதற்கு விளக்கம் தேடி நாம் அலையவில்லை. அங்கிருந்த உழவர் ஒருவரே, வைக்கோற்போரின் அடியில் ஒரு பொறி கிடந்து மறுநாள் போர் முழுவதும் எரிந்த கதையைச் சொன்னார். நம் மாணவி ஒருவர் இன்னொன்று சொன்னார். காசநோய்க்கு மருந்து வழக்கமாக ஆறு திங்கள் உண்ண வேண்டும். இரண்டாம் திங்களுக்குள் இருமல் அடங்கி உடல் தேறிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்திவிட்டால், உடம்பில் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும்; முதலில் அடங்கிய மருந்துக்கே பிறகு அடங்காமலும் போகும். இது வினையின் எச்சமா, பகையின் எச்சமா என்று கேட்டோம். ‘இரண்டும்’ என்றார் அம்மாணவி. முடிக்காத மருத்துவம் வினையின் எச்சம். உயிரோடு விட்ட கிருமி பகையின் எச்சம். குறள் வாழ்க்கையில் இறங்குவது இவ்வாறுதான். இக்குறளில் எச்சம் என்பதற்குப் ‘பிள்ளை’ என்று பொருள் கொள்ள எவராலும் இயலாது.

இரண்டாவது, புகழ் அதிகாரத்தின் 238ஆம் குறள். புகழ் என்னும் எச்சத்தைப் பெறாதவர்க்கு வாழ்வு பழியாகும் என்பது அதன் கருத்து. இவ்விடம் மிகவும் கருதத்தக்கது. எச்சம் இன்னது என்று உரையாசிரியர் சொல்லவில்லை, வள்ளுவரே சொல்கிறார். ‘இசை’ என்னும் சொல்லால் புகழைக் குறித்து, அப்புகழையே எச்சம் என்கிறார். உடம்பு போன பின்னும் போகாமல் எஞ்சுவதாதலின் புகழ் எச்சமாயிற்று.

மூன்றாவது, நன்றியில் செல்வம் அதிகாரத்தின் 1004ஆம் குறள். ஒருவராலும் விரும்பப்படாத ஈயாத செல்வன், தனக்குப் பின் எஞ்சுவதாக எதைத்தான் எண்ணியிருப்பானோ என்று வியக்கிறது அது. இங்கு எச்சத்தின் பொருள் திறந்தே நிற்கிறது. பணம் எஞ்சும், ஆனால் அதில் அவன் பெயர் ஒட்டியிராது.

நான்காவது, நாம் தொடங்கிய நடுவு நிலைமை அதிகாரத்திலேயே உள்ள 112ஆம் குறள். நேர்மையுடையவன் ஈட்டிய செல்வம் அழியாமல் அவன் எச்சத்துக்கும் காவலாகும் என்பது அதன் கருத்து. செல்வம் யாருக்குக் காவலாகும்? பின்வரும் வழித்தோன்றல்களுக்கே. இங்கு எச்சம் என்பது மக்களையே குறிக்கிறது என்பதில் ஐயமில்லை.

மீண்டும் அக்குறளுக்கு

இப்போது மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். 114ஆம் குறளில் எச்சம் என்பது மக்களா, புகழா?

பரிமேலழகர், நல்ல மக்கள் இருப்பதாலும் இல்லாமையாலும் ஒருவரின் நடுவுநிலைமை அறியப்படும் என்றார். மு. வரதராசனார், அவரவர்க்குப் பின் நிற்கும் புகழாலும் பழியாலும் அறியப்படும் என்றார். பழைய உரை பிழை, புதிய உரை சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட நமக்கும் ஆசைதான். கேட்டவரின் மனம் குளிரும். ஆயின் அது நேர்மையாகாது. இரண்டு குறள்களுக்கு முன் அதே அதிகாரத்தில் எச்சம் மக்களைக் குறித்திருப்பதால் பரிமேலழகர்க்குச் சான்று உண்டு. புகழ் அதிகாரத்தில் வள்ளுவரே புகழை எச்சம் என்றிருப்பதால் மு.வ.வுக்கும் சான்று உண்டு. நடுவு நிலைமை பற்றிய ஓர் அதிகாரத்துக்குப் பொருள் சொல்லும்போது நாமே ஒருபக்கம் சாய்ந்தால் அதைவிட நகைப்புக்குரியது வேறில்லை.

இங்குதான் மூன்றாவது படி உதவும். அக்குறளில் உள்ள பிற சொற்களைப் பார்க்க வேண்டும். ‘தக்கார்’ என்றால் யார்? பொதுவாகத் தகுதியுடையவர் என்று எண்ணுகிறோம். இன்றும் அறங்காவலர் இல்லாத கோயிலை நிருவகிக்க அறநிலையத் துறை அமர்த்துபவரைத் ‘தக்கார்’ என்றே அறிவிப்புப் பலகைகளில் காண்கிறோம். ஆனால் அதிகாரம் நடுவு நிலைமையாதலின், இங்கு ‘தகவு’ என்பது எல்லாச் சிறப்பையும் குறிக்கவில்லை. ஒருபக்கம் சாயாமையைக் குறிக்கிறது. உரையாசிரியர்களும் அவ்வாறே கொண்டனர். ஆகவே குறள் கேட்கும் கேள்வி, ‘இவர் நல்லவரா?’ என்பதன்று, ‘இவர் பங்கிட்டபோது சாய்ந்தாரா, சாயாமல் நின்றாரா?’ என்பதே.

அக்கேள்விக்கு விடையை எங்கே காண்பது? ஏரிப் பாசனம் உள்ள ஊரில் இதை விளக்கத் தேவையே இல்லை. மடை நீரைப் பங்கிடுபவர் நடுநிலையாளரா என்பதை அவர் மடையருகே நின்று பேசும் பேச்சால் அறிய முடியாது. அவர் வீட்டுக்குப் போன பின், கடைமடை வயலில் நீர் எஞ்சி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவடை நாளில் கடைமடைக்காரர் களத்தில் எத்தனை மூட்டை என்று பார்க்க வேண்டும். செயலின் போது தெரியாதது செயலுக்குப் பின் எஞ்சியதில் தெரியும். மக்கள் என்றாலும் புகழ் என்றாலும் அக்குறளின் நடு நரம்பு இதுவே. அதனால்தான் வள்ளுவர் ‘மக்கள்’ என்றோ ‘புகழ்’ என்றோ கட்டிவிடாமல், இரண்டையும் அடக்கவல்ல சொல்லை வைத்தார் என்பது நம் கருத்து. மக்கள் என்பது எச்சத்தில் ஒன்று. எச்சம் முழுவதும் அதுவன்று.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது கூட்டத்திலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். “ஐயா, நான் இந்த ஆயா கையால்தான் சாப்பிட்டுப் படித்தேன். இவங்க தம்பி பேரனும் எங்க வகுப்புதான். அவனுக்கும் ஒரு முட்டைதான், எனக்கும் ஒரு முட்டைதான். ஒரு நாளும் அவனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டதில்லை” என்றார். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். நம் உரையைவிட அவ்விளைஞரின் உரையே அக்குறளுக்குச் சிறந்த உரை என்று எண்ணுகிறோம்.

கல்லில் எஞ்சிய கணக்கு

முகாமின் இறுதி நாளில் மாணவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபை வகுத்த குடவோலை விதிகள் அக்கோயிலின் சுவர்களில் உள்ளன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை அது. நிலவுடைமையும் வேதக் கல்வியும் வேண்டிய ஒரு பிரமதேயச் சபைக்குரிய விதிகள் அவை. எல்லா மக்களுக்கும் உரிய வாக்குரிமை அன்று. குறளைப் பார்த்து அவ்விதிகளை எழுதினர் என்றும் நாம் கூறவில்லை. ஆயினும் அவற்றுள் ஒரு விதி நம் சொல்லாராய்ச்சிக்கு ஒளி தருகிறது.

வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மருமகன், மாமன், அத்தை மக்கள் என உறவினர் பலரையும் விதி விலக்குகிறது. இதைப் படித்த மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, அப்பன் கணக்குக் காட்டாததற்கு மகன் என்ன செய்வான்?” நியாயமான கேள்வி. உறவினர் ஒருவர் அடுத்த வாரியத்தில் அமர்ந்தால் பழைய கணக்கு மூடப்பட்டுவிடும் என்று சபையார் அஞ்சியிருக்கலாம். எவ்வாறாயினும் அங்கே ஒருவனுக்குப் பின் எஞ்சியது முடிக்காத கணக்கு. அதைச் சுமந்தவர் அவன் மக்கள். வினையின் எச்சமும் வழித்தோன்றலாகிய எச்சமும் ஓரிடத்தில் சந்திப்பதை அக்கல்லில் கண்டோம். பரிமேலழகர் கண்ட பொருளுக்குப் பின்னால் இருந்த உலகம் எது என்பதும் மாணவர்களுக்கு விளங்கியது. தந்தையின் வினையை மகன் சுமந்த உலகம் அது. அவ்வுலகத்தை அறிந்துகொள்வது வேண்டும். அதையே இன்றைய மூதாட்டி ஒருவர் மேல் சுமத்துவது வேண்டா.

திரும்பும் வழியில், சிறுவன் சொன்ன காகத்தின் எச்சமும் நினைவுக்கு வந்தது. உத்திரமேரூருக்கு அதிகத் தொலைவில்லாத வேடந்தாங்கலில், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆண்டுதோறும் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், அப்பறவைகளைச் சுட வந்தோரைத் தடுத்துக் காத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சித் தலைவரிடம் அதற்கு உரிமையும் எழுதி வாங்கினர். பறவை பறந்து போன பின் எஞ்சியதைக் கொண்டு பறவையின் மதிப்பை அறிந்தவர்கள் அவர்கள்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. குறளுக்கு முதலில் உரையைச் சொல்லிப் பிறகு பாட்டைப் படிக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். பாட்டில் பொருள் தொங்கி நிற்கும் ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்க. அச்சொல்லின் இன்றைய வழக்கை மாணவரிடமே கேட்டறிக. நகைப்புக்குரிய விடையையும் தள்ளாதீர். வேர்வினையைக் காட்டுக. அதே சொல் நூலில் வரும் வேறு இரண்டு மூன்று இடங்களை ஒப்பிடுக. அதிகாரத் தலைப்பு அச்சொல்லுக்கு இடும் எல்லையைக் காண்க. அதன் பிறகே உரைகளைத் திறந்து, எவ்வுரை எச்சான்றின் மேல் நிற்கிறது என்று ஆராய்க. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் இவ்வாறு ஒரு குறளைத்தான் நடத்த முடியும். பத்துக் குறளையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்துக்கு இது ஒவ்வாது என்பதை அறிவோம். ஓர் அதிகாரத்துக்கு ஒரு குறளையேனும் இவ்வாறு நடத்தலாம். எஞ்சிய ஒன்பதை மாணவரே முயல்வர்.

இம்முறை பிசகுவதற்கும் இடமுண்டு. ஒலி ஒப்புமையை மட்டும் கண்டு இல்லாத வேரைக் கட்டுதல் ஒரு பிசகு. நமக்கு இனிக்கும் பொருளையே வள்ளுவர் பொருள் என்று நாட்டுதல் இன்னொரு பிசகு. சொல்லப்படும் பொருள் அச்சொல் வரும் மற்ற இடங்களில் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால் முதற்பிசகு வெளிப்படும். மாற்றுரைக்குரிய சான்றை மறைக்காமல் எடுத்துச் சொல்ல முடிகிறதா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் இரண்டாம் பிசகு வெளிப்படும்.

தேர்வுத்தாளில் எழுதிய உரை தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். பல ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு பங்கீட்டின் முன் நிற்கும்போது ஒரு சொல் நினைவில் எழுந்து அம்மாணவனின் கையைச் சாயாமல் நிறுத்துமாயின், அதுவே நம் வகுப்பின் எச்சம்.